டீ கப்புக்கும் வாளிக்கும் நடுவில்: வெப்பம் எந்தப் பக்கம் போகும்?

"ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு கப் சூடான டீயில் வெப்பநிலை அதிகம், ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் வெப்பம் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, 'அப்படின்னா டீ கப்பை வாளிக்குள்ள வச்சா, வாளியில இருந்துதானே மிஸ் வெப்பம் டீக்குப் போகணும்? அதிகமா இருக்கிற இடத்துல இருந்துதானே கம்மியா இருக்கிற இடத்துக்குப் போகும்?' என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். நாளைக்கு அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?"

ஒரே வாக்கியத்தில் இரண்டு "அதிகம்" வந்து மாட்டிக்கொண்டதுதான் சிக்கல். வாளியில் அதிகம் என்று நீங்கள் சொன்னது அளவு. டீயில் அதிகம் என்று சொன்னது மட்டம். வெப்பம் எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டம்தான் முடிவு செய்யும், அளவுக்கு அதில் பேச்சே கிடையாது. உங்கள் மாணவி சொன்ன விதி, அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு என்பது, தப்பில்லை. எது அதிகம் என்று பார்க்க வேண்டும் என்பதில்தான் தடுமாறியிருக்கிறாள்.

உங்கள் பள்ளிக் கட்டடத்தையே காட்டி இதைச் சொல்லலாம். தரைக்கடியில் சம்ப்பு இருக்கும், மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். சம்ப்பில் 10,000 லிட்டர் தண்ணீர், மாடித் தொட்டியில் 500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு குழாய் போட்டு இணைத்துத் திறந்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எந்தப் பிள்ளையும் சம்ப்பிலிருந்து மேலே ஏறும் என்று சொல்லாது. சம்ப்பில் இருபது மடங்கு தண்ணீர் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதன் மட்டம் கீழே. வாளிதான் சம்ப்பு, டீ கப்புதான் மாடித் தொட்டி. நமக்கு வசதியாக, தமிழில் இந்தச் சொல்லுக்குள்ளேயே விடை கிடக்கிறது: வெப்பநிலை என்பதில் உள்ள "நிலை" மட்டத்தைத்தான் குறிக்கிறது. வீட்டில் நாம் "சூடு" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டு அடிப்பதால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறது. "டீ சூடா இருக்கு" என்னும்போது மட்டத்தைச் சொல்கிறோம். "வாளித் தண்ணி சூடாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்னும்போது அளவைச் சொல்கிறோம்.

உதாரணம் சொன்னால் மட்டும் போதாது, அந்தப் பெண் கேட்ட சோதனையையே கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். எண்களை எளிதாக எடுத்துக்கொள்வோம். கப்பில் 150 மில்லி டீ, 80 டிகிரி செல்சியஸ். வாளியில் 15 லிட்டர் தண்ணீர், 40 டிகிரி. டீயில் பாலும் சர்க்கரையும் இருந்தாலும் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் தண்ணீர் என்றே கணக்குப் போடலாம். தண்ணீருக்குக் கலோரியில் கணக்குப் போட்டால் ஒரு சௌகரியம் உண்டு: 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1 கலோரி. கிராமை டிகிரியால் பெருக்கினால் வேலை முடிந்தது. ஜூலில் வேண்டுமென்றால் கடைசியில் 4.2 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கப்பை வாளிக்குள் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கிறோம். கப்பின் உலோகத்தையும் காற்றுக்குப் போவதையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். 150 × 80 என்றால் 12,000. 15,000 × 40 என்றால் 6,00,000. கூட்டினால் 6,12,000. மொத்தத் தண்ணீர் 15,150 கிராம். வகுத்தால் 40.4 டிகிரி வருகிறது.

இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். டீ 80 லிருந்து 40.4 க்கு விழுந்திருக்கிறது, ஏறக்குறைய 40 டிகிரி. வாளி ஏறியது 0.4 டிகிரிதான். ஆனால் கை மாறிய வெப்பம் இரண்டு பக்கமும் ஒன்றேதான்: டீ இழந்தது 150 × 39.6, அதாவது 5,940 கலோரி. வாளி பெற்றது 15,000 × 0.396, அதுவும் 5,940 கலோரி. அதே வெப்பம் கப்பில் 40 டிகிரியாகத் தெரிகிறது, வாளியில் அரை டிகிரிக்கும் குறைவாகத் தெரிகிறது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வகுப்பறைக்குள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த கேள்வி உடனே வரும். "வாளிக்கு ஏன் மிஸ் தள்ள முடியல? அதுகிட்ட அவ்வளவு இருக்கே?" இங்கேதான் மூலக்கூறுகளுக்குள் போக வேண்டும். சம்ப்பு உதாரணம் திசையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

வெப்பநிலை என்பது மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு துள்ளலோடு அசைகின்றன என்பதன் அளவுகோல். டீயும் வாளித் தண்ணீரும் சந்திக்கும் இடம் கப்பின் சுவர். டீ மூலக்கூறு சுவரை உள்ளேயிருந்து இடிக்கிறது, சுவரின் அணுக்கள் அதிர்கின்றன, அந்த அதிர்வு வெளியே தண்ணீர் மூலக்கூறுகளை இடிக்கிறது. ஒவ்வொரு மோதலும் தனித்தனிச் சம்பவம். சில மோதல்களில் வாளிப் பக்கத்திலிருந்துகூட ஆற்றல் டீக்குப் போகும். ஆனால் கோடானுகோடி மோதல்களைக் கூட்டிப் பார்த்தால், அதிகமாகத் துள்ளுகிற பக்கம் கொடுத்திருக்கும், குறைவாகத் துள்ளுகிற பக்கம் வாங்கியிருக்கும். மோதுகிற மூலக்கூறுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் 15 லிட்டர் நிற்கிறதா, 15 மில்லி நிற்கிறதா என்று தெரியவே தெரியாது. வாளியின் மொத்த இருப்பு அந்தச் சந்திப்புக்கு வந்து சேருவதில்லை. அதனால்தான் அளவுக்குத் திசையில் பங்கில்லை.

இதை வகுப்பில் நடத்திக் காட்ட ஒரு வழி உண்டு. நாலு பிள்ளைகளுக்குத் தலைக்குப் பத்துப் புளியங்கொட்டை, முப்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்து. ஒரு வரிசையிலிருந்து ஒருவர், அடுத்த வரிசையிலிருந்து ஒருவர் சந்திக்க வேண்டும், கையிலிருப்பதைச் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஒற்றையாக வந்தால் பூவா தலையா போட்டு அந்த ஒன்றை யாருக்கென்று முடிவு செய்துகொள்ளலாம். முப்பது பேரிடம் மொத்தம் 150 கொட்டை, நாலு பேரிடம் 40 தான். ஆனாலும் நாலு பேரிடமிருந்துதான் கொட்டை அந்தப் பக்கம் போகும். பத்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் ஐந்தாறு நிற்கும். உண்மையான மோதலில் சரிபாதிப் பங்கீடு நடப்பதில்லை, சராசரியில்தான் அப்படி. ஏழாம் வகுப்புக்கு அந்த நுணுக்கம் வேண்டாம்.

80 டிகிரி என்பது 40 டிகிரியின் இரண்டு மடங்கு, ஆகவே டீ மூலக்கூறுகள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன என்று பிள்ளைகள் சொல்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இந்தக் குழியில் விழுவார்கள். செல்சியஸின் பூஜ்ஜியம் வெறும் பனிக்கட்டி உருகும் புள்ளி. துள்ளலின் உண்மையான அடிமட்டம் அதற்கும் 273 டிகிரி கீழே இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் டீ 353, வாளி 313. வித்தியாசம் 13 சதவீதம்கூட முழுதாக இல்லை. வேகத்தில் பார்த்தால் டீயின் மூலக்கூறுகள் சராசரியாக 6 சதவீதம்தான் அதிக வேகம். அந்த 6 சதவீதம்தான் நாக்கைப் பொசுக்குகிறது.

சரி, இனி வாளியின் பக்கம் பேசுவோம். வாளியில் வெப்பம் அதிகம் என்று சொன்னீர்களே, அதைக் காட்ட வேண்டாமா? கணக்கு சுலபம். அறை 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ ஆறி அறையின் வெப்பநிலைக்கு வரும்போது 150 × 50, அதாவது 7,500 கலோரி வெளியே விடும். வாளி 15,000 × 10, அதாவது 1,50,000 கலோரி விடும். இருபது மடங்கு. கலோரி என்றால் பிள்ளைகள் முழிப்பார்கள், அதனால் நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். வெந்நீர் போடுகிற 1,500 வாட் ஹீட்டர் கம்பி எல்லார் வீட்டிலும் தெரிந்த சாமான். அது விநாடிக்கு 1,500 ஜூல் தருகிறது. 30 டிகிரியில் இருக்கும் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு 7 நிமிடம் வேண்டும். அதே சக்தி ஒரு கப் தண்ணீருக்குள் போனால் 80 டிகிரிக்குக் கொண்டுவர 21 விநாடி போதும். கரண்ட் மீட்டர் ஓடுவது மட்டத்துக்காக அல்ல, அளவுக்காக. ஹீட்டர் கம்பியை வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள், இது பலகைக் கணக்கோடு நிற்கட்டும்.

செய்து காட்டுவதற்கு ஏற்றது பனிக்கட்டிதான். வெப்பத்தின் அளவைப் பனிக்கட்டியால் அளப்பது பழைய வழி. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டியை அடைத்து, உள்ளே வைத்த பொருள் எவ்வளவு பனியை உருக்கி ஓடவிடுகிறது என்று எடை போட்டுத்தான் வெப்பத்தை அளந்தார்கள். உள்ளே ஒரு கினிப்பன்றியைக்கூட வைத்துப் பார்த்தார்கள், அது வேறு கதை. இதில் உள்ள அழகு, 0 டிகிரிப் பனிக்கட்டி ஒரு கிராம் உருகச் சுமார் 80 கலோரி வாங்கிக்கொள்ளும், ஆனால் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை 0 லிருந்து நகராது. வெப்பம் உள்ளே போகிறது, வெப்பநிலைமானி அசையவில்லை. இரண்டும் வேறு என்பதை இதுவும் தன் பங்குக்குச் சொல்லிவிடும்.

நம் எண்களுக்கு இது இன்னும் அழகாகப் பொருந்துகிறது. 80 டிகிரி டீ 0 க்கு வரும்வரை ஒவ்வொரு கிராமும் 80 கலோரி தரும். ஒரு கிராம் பனி உருகவும் 80 கலோரிதான். ஆகவே 150 கிராம் டீ, 150 கிராம் பனிக்கட்டியைச் சரியாக உருக்கிவிட்டு 0 டிகிரியில் படுத்துவிடும். இதே 150 கிராம் பனியை வாளியில் போட்டால்? 12,000 கலோரி அதை உருக்கப் போய்விடும். மீதியைக் கலந்து பார்த்தால் வாளி 38.8 டிகிரிக்கு இறங்கும். 1.2 டிகிரி இறக்கம், அவ்வளவுதான். கையை விட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. டீயை ஐஸ் தண்ணீராக்கிய அதே பனிக்கட்டியை வாளி விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். வாளியையும் 0 க்கு இழுக்க வேண்டுமென்றால் 7.5 கிலோ பனிக்கட்டி வேண்டும்.

செய்முறையில் சில இடங்கள் சொதப்பும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 150 மில்லி டீயும் 150 கிராம் பனியும் டம்ளரில் கொள்ளாது, அரை லிட்டர் பிடிக்கிற சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். டீயே வேண்டியதில்லை, வெந்நீர் போதும். பாலாடை படிந்து வெப்பநிலைமானியைக் கழுவுகிற வேலை மிச்சம். காய்ச்சிய நீரைச் சில்லென்ற எவர்சில்வர் சொம்பில் ஊற்றினால் சொம்பே நாலைந்து டிகிரியைச் சாப்பிட்டுவிடும். ஊற்றிக் கலக்கி அரை நிமிடம் கழித்துத்தான் ஆரம்ப வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அப்போது அது 80 ஆக இருக்காது, 72 ஆக இருக்கலாம். இருக்கட்டும். வந்த எண்ணை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 72 என்றால் 135 கிராம் பனிதான் உருகும், மீதி மிதந்துகொண்டிருக்கும். வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்டி 0 டிகிரியில் இருக்காது, அதற்கும் 10, 15 டிகிரி கீழே இருக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேலே ஈரம் பளபளத்ததும் துணியால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் ஏற்கெனவே உருகிய தண்ணீரையும் பனிக்கட்டி என்று எடை போட்டுவிடுவீர்கள்.

வாளியில் பெரிய தவறு, கலக்காமல் அளப்பது. சூடான தண்ணீர் மேலே நிற்கும், அடியில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். நாம் தேடுகிற மாற்றமே ஒரு டிகிரிதான், கலக்காமல் அளந்தால் வாளி சூடாகிவிட்டது என்றுகூடக் காட்டும். டீயை ஊற்றி 0.4 டிகிரி ஏற்றத்தைக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளி ஆய்வகத்தின் கண்ணாடி வெப்பநிலைமானியில் கோடுகள் ஒரு டிகிரிக்கு ஒன்றாகத்தான் இருக்கும், அதில் 0.4 ஐக் கண்ணால் பிடிப்பது கடினம். பனிக்கட்டியின் 1.2 டிகிரியைப் பிடித்துவிடலாம்.

இன்னொன்று, இது நான் பட்டது. ஆய்வக வெப்பநிலைமானி ஒன்றே ஒன்று இருந்ததால் ஒரு பையன் ஆர்வக்கோளாறில் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற பாதரச வெப்பநிலைமானியைக் கொண்டுவந்து வெந்நீரில் முக்கிவிட்டான். அதன் அளவு 42 டிகிரியோடு முடிகிறது. பாதரசம் விரிய இடமில்லாமல் கண்ணாடி வெடித்து, வெள்ளி முத்துக்களாகப் பெஞ்சு முழுக்க ஓடியது. பாடம் அன்றைக்கு அதோடு முடிந்தது, ஜன்னலைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அரை மணி நேரம் தாளை மடித்து முத்துக்களைப் பொறுக்கினேன். ஆய்வகத்தில் இருக்கிற, 110 டிகிரிவரை போகிற ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது நீங்கள் வகுப்பில் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். "வாளியில் வெப்பம் அதிகம்." இதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மாணவி இன்றில்லாவிட்டால் நாளைக்குக் கண்டுபிடித்துவிடுவாள். அறை 30 டிகிரி என்று வைத்தபோது வாளி தந்தது கப்பின் 20 மடங்கு. பனிக்கட்டியை வைத்து அளந்தபோது 150 கிராமுக்கு 7,500 கிராம், அதாவது 50 மடங்கு. அதே கப்பு, அதே வாளி, பதில் மட்டும் மாறுகிறது. ஊட்டியில் 15 டிகிரி அறையில் இந்த இரண்டையும் வைத்தால் கப்பு 9,750 கலோரி, வாளி 3,75,000 கலோரி, 38 மடங்கு வரும். மே மாதம் வேலூரில் அறையே 40 டிகிரி கொதிக்கும்போது வைத்துப் பாருங்கள். கப்பு அப்போதும் 6,000 கலோரி தரும். வாளி தருவது பூஜ்ஜியம். அன்றைக்கு "வாளியில் வெப்பம் அதிகம்" என்ற வாக்கியம் என்ன ஆயிற்று?

ஆனது இதுதான்: ஒரு பொருளுக்குள் இத்தனை கலோரி வெப்பம் இருக்கிறது என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். அது வெப்பநிலை வித்தியாசத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அதற்கு வெப்பம் என்று பெயர். நாம் கணக்குப் போட்டதெல்லாம் "இது இங்கிருந்து அந்த மட்டம்வரை இறங்கினால் எவ்வளவு தரும்" என்பதைத்தான். எதுவரை இறங்குகிறது என்பதை மாற்றினால் விடையும் மாறத்தான் செய்யும். வங்கி இருப்பாக நினைக்காமல் மறுபடியும் மாடித் தொட்டியாகவே நினையுங்கள்: குழாயை இரண்டாம் மாடியில் வைத்தால் ஒரு வேகம், தரையில் வைத்தால் ஒரு வேகம், தொட்டிக்கும் மேலே வைத்தால் சொட்டுத் தண்ணீர் வராது.

ஏழாம் வகுப்பில் அக ஆற்றல் என்ற சொல்லைப் புகுத்த வேண்டியதில்லை. வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். "வாளியில் வெப்பம் அதிகம்" என்பதற்குப் பதிலாக "அறையின் வெப்பநிலைக்கு ஆறும்போது வாளி அதிக வெப்பத்தைத் தரும்" என்று சொல்லுங்கள். நாலு சொல் கூடுதல்தான். மாணவியின் கேள்வி இந்த வாக்கியத்தின்மேல் எழும்பவே எழும்பாது, ஏனென்றால் 80 டிகிரி டீக்கு 40 டிகிரி வாளி எதையும் தர முடியாது என்பது அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தேர்வில் பாடப்புத்தக வாக்கியத்தையே எழுதட்டும், மதிப்பெண் விஷயத்தில் புரட்சி வேண்டாம்.

சம்ப்பு உதாரணத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் வெப்பத்தை ஒரு கண்ணுக்குத் தெரியாத திரவமாகவே மனதில் வைத்துக்கொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய அறிஞர்களே அப்படித்தான் வைத்திருந்தார்கள், அந்தத் திரவத்துக்குக் கலோரிக் என்று பெயரும் கொடுத்திருந்தார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைப்பதை மேற்பார்த்த ரம்ஃபோர்டு, 1798 இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வேட்டு வைத்தார். மழுங்கிய துளைப்பானைச் சுழற்றச் சுழற்ற வெப்பம் வந்துகொண்டே இருந்தது, சுற்றியிருந்த தண்ணீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது, அப்போதும் தீரவில்லை. உள்ளே சேமித்து வைத்த திரவமாக இருந்தால் ஒரு நேரத்தில் வற்ற வேண்டுமே? வகுப்பில் இதற்கு உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்க்கச் சொன்னால் போதும். எந்த இடத்திலிருந்தும் வெப்பம் வரவில்லை, அசைவிலிருந்து வந்தது.

"கப்புதான் மிஸ் கையைச் சுடுது, வாளி சுடலையே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். கையில் கொப்புளம் வருமா என்பது தோல் எந்த வெப்பநிலைக்கு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. 40 டிகிரி வாளியில் கையை எவ்வளவு நேரம் வைத்தாலும் தோல் 40 ஐத் தாண்டாது. அதனால் அந்த ஒன்றரை லட்சம் கலோரியும் கொப்புளம் போட முடியாது. அப்படியே 80 டிகிரியாக இருந்தால் மட்டும் சுடுமா என்றால், அங்கே அளவும் உள்ளே வருகிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்த கையில் எத்தனை பொறி விழுந்திருக்கும்? ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த உலோகத் துணுக்கு. ஆனால் எடை மில்லிகிராமில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம் இரும்பு ஆயிரம் டிகிரி இறங்கினாலும் ஒரு கலோரியில் சுமார் நூறில் ஒரு பங்குதான் கொடுக்கும். தோலைச் சூடாக்க அது போதவில்லை, சுருக்கென்று ஒரு குத்தோடு அணைந்துவிடுகிறது. எரிந்து முடிந்த கம்பியை மிதித்தவர்களைக் கேளுங்கள். அது பொறியைவிட வெப்பநிலையில் குறைவு, எடையில் பல்லாயிரம் மடங்கு. தீபாவளி அன்றைக்கு டாக்டரிடம் ஓட வைப்பது கம்பிதான்.

பெரிய பக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் வங்காள விரிகுடாவை எடுங்கள். மேற்பரப்பு நீர் 29 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் 35 டிகிரிக்கு ஆறிப்போன டீ டம்ளரை அதில் முக்கினால் கடல் அதைச் சூடாக்காது, இன்னும் ஆற்றும். அத்தனை வெப்பம் இருந்தும் டீக்கு ஒரு டிகிரி தர வக்கில்லை. ஆனால் மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று உறைநிலைக்கும் கீழே இருக்கிறது. அந்தத் தாழ்ந்த மட்டம் கிடைத்ததும் இதே வெதுவெதுப்பான கடல்தான் ஆவியாகி ஏறிப் புயலுக்குத் தீனி போடுகிறது.

கடைசியாக, அந்த மாணவி விடமாட்டாள் என்று தோன்றுகிறது. "அப்போ ஃபிரிட்ஜ் மட்டும் எப்படி மிஸ்? உள்ள ஜில்லுன்னு இருக்கு, வெளிய சூடா இருக்கு. உள்ள இருக்கிற வெப்பம் வெளிய எப்படிப் போகுது?" என்று கேட்டால் தயாராக இருங்கள். சம்ப்புத் தண்ணீர் மாடிக்கு எப்படிப் போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். மோட்டார் போட்டால் போகும் என்பாள். ஃபிரிட்ஜின் அடியில் கறுப்பாக ஒரு உருண்டை உறுமிக்கொண்டிருக்கிறதே, கம்ப்ரெசர், அதுதான் இங்கே மோட்டார். தானாகக் கீழிருந்து மேலே போகாது, கரண்ட் செலவு செய்து ஏற்றிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கச் சுவரையோ தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வைத்த பாலும் தண்ணீர் பாட்டிலும் இழந்த வெப்பம், அதோடு கம்ப்ரெசர் தின்ற கரண்டும் சேர்ந்து, அங்கேதான் வெதுவெதுவென்று இருக்கும்.